கருப்பனை வீட்டில் கவனிக்கும் முறை: சிறுநீர் அடைப்பு நீக்கியபின்

பெயர்: கருப்பன். கருத்தடை செய்த கடுவன் பூனை, 4 வயது, 5.6 கிலோ.
சேர்த்தது செவ்வாய் இரவு. சிறுநீர் டியூப் எடுத்தது வெள்ளி காலை. வீட்டுக்கு அனுப்புவது வெள்ளி மாலை.

கருப்பன் வந்தபோது சிறுநீர்ப்பை கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. ரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் 6.8, பொட்டாசியம் 7.4. பொட்டாசியம் அந்த அளவுக்கு ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். இன்று கிரியேட்டினின் 1.6, பொட்டாசியம் 4.1. டியூப் எடுத்த பிறகு தானாகவே இரண்டு முறை நன்றாகச் சிறுநீர் போனான். ஸ்கேனில் கல் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் ஸ்ட்ரூவைட் என்ற தாது உப்புப் படிகங்கள் நிறைய இருந்தன. அவை சளியோடு சேர்ந்து, கடுவனுக்கு நுனியில் மிகவும் குறுகலாக இருக்கும் சிறுநீர்க் குழாயை அடைத்துவிட்டன.

அடைப்பை எடுத்துவிட்டோம், ஆனால் குழாய் உள்ளே இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. திரும்ப அடைக்கும் வாய்ப்பு இந்த முதல் வாரத்தில்தான் மிக அதிகம். இந்தத் தாளில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. அவன் சிறுநீர் போகிறானா என்பதை மட்டும் மறக்காமல் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது

இரண்டு வாரம் வெளியே விடவேண்டாம். மொட்டை மாடிக்குப் போய்வந்தால் போனானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. முதல் மூன்று நாள் அவனை ஓர் அறையில் தனியாக, அவனுக்கென்று ஒரு டிரேயோடு வையுங்கள். வீட்டில் வெள்ளைச்சியும் இருப்பதால், ஒரே டிரேயை இரண்டும் பயன்படுத்தினால் கட்டி யாருடையது என்று குழப்பம் வரும். உருண்டையாகக் கட்டிப்போகும் லிட்டர் மண்ணே நல்லது. ஆற்று மணல் வேண்டாம், ஈரம் தெரியாது. காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று டிரேயைப் பார்த்து, எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று காலண்டரிலேயே குறித்துவையுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை, எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி வந்தால் நிம்மதி.

முதல் சில நாள் அடிக்கடி போவான், கொஞ்சம் கொஞ்சமாகப் போவான், சிறுநீர் இளஞ்சிவப்பாகவும் இருக்கலாம். டியூப் போட்டிருந்த புண் அது. நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரவேண்டும். டிரேக்கு வெளியே, பாத்ரூம் தரையில் போனாலும் திட்டாதீர்கள். எரிச்சலில் போகிறான்.

உடனே கிளம்பவேண்டியது எப்போது

டிரேயில் உட்கார்ந்து முக்குகிறான், சொட்டு மட்டும் வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை. இரண்டு முறை இப்படிப் பார்த்துவிட்டாலே கிளம்பிவிடுங்கள், மூன்றாவது முறைக்குக் காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்தபடி கத்துவது, பிறப்புறுப்பை விடாமல் நக்குவது, வாந்தி, கட்டிலடியில் போய் ஒளிந்துகொண்டு சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் சீறுவது, இவையும் அதே கணக்குதான். முக்காமலேயே இருந்தாலும் 12 மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு மறுநாள் தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். முழு அடைப்பு ஓரிரு நாளிலேயே உயிரை எடுத்துவிடும். நள்ளிரவானாலும் இந்தத் தாளின் மேலே அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. சிறுநீர் வரட்டும் என்று வயிற்றை அமுக்கவே கூடாது, பை கிழிந்துவிடும்.

மருந்து

வலி குறைய கபாபென்டின் 50 மில்லிகிராம், காலையும் இரவும், 5 நாள். 10 பொட்டலங்களாகப் பிரித்தே கொடுத்திருக்கிறோம். முதல் பொட்டலம் இன்று இரவு 9 மணிக்கு. ஒரு ஸ்பூன் ஈர உணவில் கலந்து, அதை முதலில் தின்னவைத்துவிட்டு மீதி உணவை வையுங்கள். கொஞ்சம் தூங்குவான், நடை தள்ளாடும். அதனால் உயரமான அலமாரியில் ஏற விடாதீர்கள். எழுப்பினாலும் எழவில்லை என்றால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். பொட்டலம் கொட்டிப்போனால் எங்களிடமே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கலில் கேட்டால் நரம்பு வலிக்கான, வைட்டமின் சேர்த்த மனித மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஆன்டிபயாடிக் ஏன் இல்லை என்று அம்மா கேட்டார்கள். இந்த வயதுக் கடுவனுக்கு அடைப்பு பெரும்பாலும் கிருமியால் வருவதில்லை. அடுத்த வாரம் யூரினைச் சோதிப்போம். கிருமி இருந்தால் அப்போது கொடுக்கலாம்.

பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அரை மாத்திரைகூடக் கூடாது. நீர்க்கடுப்புக்கு நாம் குடிக்கும் சிட்ரேட் சிரப்பும் வேண்டாம். அது சிறுநீரைக் காரமாக்கும், ஸ்ட்ரூவைட் படிகம் காரத்தில்தான் வளரும். வாழைத்தண்டுச் சாறு, சிறுநெருஞ்சிக் கஷாயம் எல்லாம் நமக்குச் சரி. இவன் வாயில் ஊற்றாதீர்கள், போராட்டம்தான் மிச்சம்.

சாப்பாடும் தண்ணீரும்

கொடுத்தனுப்பும் சிறுநீர்ப் பாதை உணவு ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கும், ஆனால் அதை மட்டுமே தின்றால்தான். பக்கத்தில் கருவாடும் மீன் சோறும் போனால் காசு வீண். ஒரு வாரத்தில் பழைய உணவைக் குறைத்துக் குறைத்து முழுதாக மாற்றுங்கள். முடிந்தவரை பாக்கெட்டில் வரும் ஈர உணவாகவே கொடுங்கள், அதிலும் இரண்டு மூன்று ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குழையுங்கள். இவன் இத்தனை நாளும் உலர் உணவை மட்டுமே தின்று தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். சிறுநீர் எவ்வளவு நீர்த்துப் போகிறதோ அவ்வளவு நல்லது. தண்ணீர்க் கிண்ணம் மூன்று இடத்தில், அகலமாக, சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் டிரேயிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துக் கொடுக்கலாம்.

புது உணவைத் தொடவே இல்லை என்றால் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரல் கெட ஆரம்பிக்கும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் சொல்லுங்கள், வேறு உணவு பார்ப்போம். எடையும் ஒரு கிலோ குறையவேண்டும், ஆனால் அது இந்த மாத வேலை இல்லை.

வெள்ளைச்சியும் வீடும்

பூனைக்கு மன உளைச்சல் வந்தால் அது சிறுநீர்ப்பையைப் பாதிக்கும். வீட்டில் பெயின்ட் வேலை நடந்த வாரத்தில்தான் இது வந்தது என்றீர்கள், அது தற்செயலாக இருக்காது. மீதி வேலையை ஒரு மாதம் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. கருப்பன் மேல் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும், வெள்ளைச்சி சீறலாம். மூன்று நாள் கழித்து அறையைத் திறக்கும் முன், ஒருவர் படுத்த துணியை மற்றவர் இடத்தில் போட்டுவையுங்கள். அதன்பின் இரண்டு பூனைக்கு மூன்று டிரே, வேறு வேறு மூலையில்.

கழுத்துக் கோனை ஞாயிறு மாலை வரை கழற்றவேண்டாம், சாப்பிடும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருந்து கழற்றலாம். டிரிப்ஸ் போட்ட முன்னங்காலில் வீக்கம் தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

அடுத்து

ஞாயிறு காலை போனில் கூப்பிட்டு, காலண்டரில் குறித்ததைப் படித்துச் சொல்லுங்கள். அடுத்த வெள்ளி காலை 10 மணிக்கு நேரில் வரவேண்டும்; யூரினும் கிரியேட்டினினும் பார்க்கவேண்டும். வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் டிரேயை எடுத்துவிடுங்கள், பை நிறைந்திருந்தால்தான் ஊசியில் யூரின் எடுக்க வரும். அதற்குள் முக்கினால் இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம், உடனே வாருங்கள். மறுபடி மறுபடி அடைத்தால் குழாயின் குறுகலான நுனியை எடுத்து வழியை அகலமாக்கும் அறுவை சிகிச்சை உண்டு. முதல் அடைப்புக்கே அதைப் பற்றி யோசிக்கவேண்டியதில்லை.