அக்டோபர் வருகையைப் பற்றி அத்தைக்கும் மாமாவுக்கும்

அன்புள்ள அத்தை, மாமா,

நலம்தானே? மாமாவின் கண் சிவப்பு நன்றாகக் குறைந்துவிட்டது, சொட்டு மருந்தும் நேரம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று நேற்று இவர் சொன்னார். கேட்க நிம்மதியாக இருந்தது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 25ஆம் தேதி வரை உங்களோடு இருப்போம் என்று சொல்லியிருந்தோம். இந்த முறை அவ்வளவு நாள் இருக்க முடியவில்லை. 15ஆம் தேதி வியாழக்கிழமை காலை வந்து சேருவோம், 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு கிளம்ப வேண்டியிருக்கும். வரும் நாளில் மாற்றம் எதுவும் இல்லை. கிளம்பும் நாள்தான் முன்னால் வந்துவிட்டது.

இதை எழுதும்போது எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. "இந்த முறையாவது வந்த காலோடு ஓடாதீங்க" என்று போன மாதம் நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அத்தை. நீங்கள் எவ்வளவு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் "சரிம்மா, பரவாயில்லை, வேலைதானே முக்கியம்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று உங்கள் வருத்தத்தை மறைத்துக்கொள்வீர்கள். அப்படி அவசரமாக ஒரு பதிலைச் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் எழுத்தில் அனுப்புகிறேன். மாமா இப்போதைக்கு இவ்வளவு நீளமாக வாசித்துக் கண்ணைச் சிரமப்படுத்த வேண்டாம், நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

காரணத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும். அரைகுறையாகச் சொன்னால் மனசு வேறு என்னென்னவோ நினைக்கும்.

இவருடைய ஆபீஸில் இவரோடு ஒரே வேலையைப் பார்க்கும் இன்னொருவர் பிரசவ லீவில் போயிருக்கிறார். அவர் திரும்பி வரும் வரை அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் இவர் 25 வரை லீவு கேட்டிருந்தார். வருவதாக இருந்த ஆள் கடைசி நேரத்தில் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். இப்போது இரண்டு பேர் வேலையும் இவர் தலையில். கேட்டதில் வியாழன், வெள்ளி இரண்டு நாள்தான் கிடைத்தது, அதோடு வாரக் கடைசி. மேலாளரிடம் மறுபடியும் போய்ப் பேசிப் பார்த்தார். அவரும் முடியாது என்று வெட்டிப் பேசவில்லை, ஆள் இல்லை என்பதுதான் உண்மை. வந்து சொன்னதிலிருந்து இவர் முகமே சரியில்லை. உங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"அவன் போகட்டும், நீயும் பிள்ளைகளும் இருங்கள்" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆனால் நான் புது வேலையில் சேர்ந்து இன்னும் ப்ரொபேஷன் முடியவில்லை. அது முடியும் வரை சேர்ந்தாற்போல நிறைய நாள் லீவு எடுக்க விடமாட்டார்கள், எடுத்தால் சம்பளம் பிடிப்பதோடு ப்ரொபேஷனும் நீளும். நவம்பர் கடைசியில் அது முடிகிறது. அதுவரை நான் கொஞ்சம் பொறுத்துத்தான் போக வேண்டும். இந்த வேலை எனக்குக் கிடைத்தபோது மாமா சந்தோஷப்பட்டு இரண்டு முறை போன் செய்தார். அதை நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்லிவிடுவதுதான் நல்லது. மிச்ச நாளில் என் அம்மா வீட்டுக்கும் போகவில்லை. திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் அவரவர் வேலைக்குப் போகிறோம். அம்மாவிடமும் இந்த முறை வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இனி அந்த நாலு நாளை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் யோசித்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை 16ஆம் தேதி மாமாவைக் கண் டாக்டரிடம் நாங்கள் கூட்டிப்போகிறோம். ஆபரேஷன் ஆகி அன்றைக்கு ஆறு வாரம் ஆகியிருக்கும். கண் ஆறி, பார்வை ஒரு நிலைக்கு வந்த பிறகு கண்ணாடிக்கு அளவு எடுப்பதற்கு அது சரியான சமயம். முன்கூட்டியே எடுத்தால் பவர் மாறிப்போய்த் திரும்பவும் கண்ணாடி மாற்ற வேண்டி வரலாம். அதனால் மாமா அவசரப்பட்டு அதற்கு முன்னால் பழைய கண்ணாடிக்குப் பதிலாக எதையும் வாங்கிவிட வேண்டாம். இன்னொரு கண்ணுக்கு எப்போது செய்யலாம், சர்க்கரை அளவு எவ்வளவில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இவர் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறார். மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் பேப்பர், இப்போது போடும் மருந்துப் பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்து வைத்திருங்கள், போதும். உங்கள் முட்டி வலிக்கும் அன்றைக்கே காட்டிவிடலாமா, அத்தை? "எனக்கு ஒன்றுமில்லை" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறீர்கள். நாங்கள் இருக்கும்போதே பார்த்துவிட்டால் எங்களுக்கும் நிம்மதி.

21ஆம் தேதி நம் சொந்தக்காரர்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. முடிந்தால் 17 சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றலாம். நீங்கள் சரி என்று சொன்னால் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து, எங்களால்தான் தேதி மாறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். எங்கள் பொருட்டு நீங்கள் ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை. சனிக்கிழமை வர முடியாதவர்கள் இருந்தால் பரவாயில்லை, அடுத்த முறை நாங்களே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் யாரையும் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று முழுக்க நாம் மட்டும் இருக்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. வெளியே எங்கேயும் போகாமல், உங்கள் இருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார். போன முறை மாமாவோடு உட்கார்ந்து பழைய போட்டோக்களைப் பிரித்து வைக்க ஆரம்பித்தது பாதியில் நின்றுவிட்டதாம், அதையும் முடிக்க வேண்டுமாம்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் 26ஆம் தேதிதான் திறக்கிறது. நாங்கள் சீக்கிரம் திரும்புகிறோம் என்று தெரிந்ததும் "நான் மட்டும் பாட்டி வீட்டிலேயே இருக்கிறேனே" என்று கேட்டாள். அண்ணி எப்படியும் 25ஆம் தேதி இங்கே வருகிறார். அவரிடம் பேசினேன், தன்னோடு கூட்டிவருவதில் ஒரு சிரமமும் இல்லை என்றார். ஆனால் உங்களைக் கேட்காமல் அவளுக்கு நாங்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மாமாவின் கண்ணைக் கவனித்துக்கொண்டு, முட்டி வலியோடு அவளையும் பார்த்துக்கொள்வது உங்களுக்குப் பாரமாக இருக்கும் என்று தோன்றினால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளிடம் நாங்கள் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம். இருக்கட்டும் என்றால், அவள் இப்போது தன் வேலையைத் தானே செய்துகொள்கிற பெண். தாத்தாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவாள், மருந்து நேரத்தையும் நினைவுபடுத்துவாள்.

சின்னவனை மட்டும் விட்டுவர முடியாது. நான் பக்கத்தில் இல்லாமல் அவன் இன்னும் தூங்குவதில்லை. அதோடு தாத்தாவைப் பார்த்ததும் ஓடிப்போய் மேலே ஏறுவான், முகத்தில் கையை வைப்பான். மாமாவுக்கு அவனைத் தூக்காமல் இருப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கனம் தூக்கலாமா, குனிந்து வேலை செய்யலாமா என்று வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கேட்கும் வரை, அவனை மடியில் உட்கார வைத்துக்கொண்டால் போதும், தூக்க வேண்டாம். நாங்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறோம்.

நாங்கள் வருவதற்காக மாடி அறையைச் சுத்தம் செய்வது, மெத்தையை இறக்குவது எதுவும் வேண்டாம், அத்தை. கீழேயே எல்லோரும் படுத்துக்கொள்ளலாம், அதில்தான் பிள்ளைகளுக்கும் சந்தோஷம். நீங்கள் மாடிப்படி ஏறி இறங்கினீர்கள் என்று தெரிந்தால் இவர் என்னைத்தான் கேட்பார்.

அடுத்து எப்போது நிறைய நாள் இருப்பீர்கள் என்று கேட்பீர்கள். டிசம்பரில் என் ப்ரொபேஷன் முடிந்திருக்கும், இவர் ஆபீஸிலும் அந்த அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார். மாமாவின் அடுத்த கண் ஆபரேஷன் அந்தச் சமயத்தில் வந்தால், அப்போது நான் வந்து கூட இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். டாக்டர் தேதி சொன்னதும் ஆபீஸில் எழுதிக் கேட்டு, லீவு கையில் கிடைத்த பிறகு எத்தனை நாள் என்று சொல்கிறேன். இப்போதே ஒரு கணக்குச் சொல்லி, அதை நீங்கள் மனசில் வைத்து, பிறகு நான் அதையும் குறைக்கும்படி ஆகக்கூடாது.

இன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் இவர் போன் செய்வார். நான் எழுதிவிட்டேன் என்பதால் அவர் பேசாமல் இருக்கப் போவதில்லை, அவரே உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறார். வருத்தமாக இருந்தால் வருத்தமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். பெரியவள் இருப்பதைப் பற்றியும் சனிக்கிழமையைப் பற்றியும் நீங்கள் இரண்டு பேரும் பேசி, நிதானமாக யோசித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் போதும். அதற்கப்புறம்தான் திரும்பும் டிக்கெட்டில் அவள் பெயரை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

மாமா, ராத்திரிச் சொட்டு மருந்தைப் போட்ட பிறகே தூங்கப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்