எரர், டிஃபெக்ட், ஃபெயிலியர்: மென்பொருள் சோதனை நேர்காணல் கேள்வி பதில்

மூன்றும் ஒன்றுதானா?
இல்லை. எரர் என்பது மனிதர் செய்யும் பிழை. அது நிரலிலோ ஆவணத்திலோ பதிந்துவிட்டால் டிஃபெக்ட். பக், ஃபால்ட் என்பவையும் அதுவே. நிரல் ஓடும்போது அந்தக் குறை வெளிப்பட்டு, நடக்க வேண்டியது நடக்காமல் போவது ஃபெயிலியர்.

எடுத்துக்காட்டு தர முடியுமா?
(இந்தக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.) 60 வயது நிறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பது தேவை. நிரலர் எழுதியது:

```
if (age > 60)
```

"60-க்கு மேல்" என்று அவர் தவறாகப் புரிந்துகொண்டது எரர். விடுபட்ட சமக்குறி டிஃபெக்ட். சரியாக 60 வயதானவரிடம் முழுக் கட்டணம் கேட்கப்படுவது ஃபெயிலியர். 45, 70 என்று மட்டும் சோதித்தால் இது அகப்படவே அகப்படாது. எல்லை மதிப்பான 60-ஐக் கட்டாயம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

டிஃபெக்ட் இருந்தால் ஃபெயிலியர் வந்தே தீருமா?
இல்லை. அந்த வரிக்கு 60 என்ற மதிப்பு வராதவரை குறை உறங்கிக்கொண்டிருக்கும்.

டிஃபெக்ட் இல்லாமலே ஃபெயிலியர் வருமா?
வரும். கதிர்வீச்சு, மின்காந்தப் புலம் போன்ற சூழல் காரணங்களாலும் வரலாம்.

நிரலை ஓட்டிச் சோதிப்பவர் எதைக் காண்கிறார்?
ஃபெயிலியரை. அதற்குக் காரணமான டிஃபெக்ட்டைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவது டீபக்கிங்.