சரியும் ஏணி: பயிற்சித் தாள் 6, வினா 4க்கான திரைப்பதிவு ஸ்டோரிபோர்டு

மொத்த நேரம்: 4 நிமிடம். திரை: 1920×1080. இடப் பாதியில் ஜியோஜீப்ரா படம், வலப் பாதியில் வெள்ளைப் பலகை. முகம் காட்ட வேண்டாம். குரலும் பேனாவும் போதும்.

வினா: 5 மீ நீளமுள்ள ஏணி ஒரு செங்குத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் அடி, சுவரை விட்டு 0.4 மீ/வி வேகத்தில் விலகுகிறது. அடி சுவரிலிருந்து 3 மீ தொலைவில் இருக்கும் கணத்தில், ஏணியின் உச்சி எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது?

தாளில் உள்ள தீர்வு:

```
x² + y² = 25
2x(dx/dt) + 2y(dy/dt) = 0
x = 3, y = 4
dy/dt = -(3/4)(0.4) = -0.3
```

தீர்வில் பிழை எதுவும் இல்லை. ஆனால் 3 என்ற எண் ஏன் மூன்றாம் வரிவரை காத்திருக்கிறது என்பதை இந்த நான்கு வரிகள் சொல்வதில்லை. மாணவர்கள் தடுமாறுவதும் அங்கேதான். ஆகவே தீர்வை அப்படியே வாசித்துக் காட்டாமல், அந்தக் காத்திருப்பையே பதிவின் மையமாக வைத்திருக்கிறேன். காட்சி 4க்கு அதிக நேரம் ஒதுக்கியிருப்பது அதனால்தான். நேரம் போதாவிட்டால் வேறு எதையாவது குறையுங்கள்; அதைத் தொட வேண்டாம்.

பதிவுக்கு முன்: ஜியோஜீப்ராவில் இவற்றை உள்ளிட்டு, தசம இடங்களை 4 ஆக வைக்கவும்.

```
a = Slider(0, 5, 0.01)
A = (a, 0)
B = (0, sqrt(25 - a^2))
Segment(A, B)
```

x தொடர்பானவை நீலம், y தொடர்பானவை சிவப்பு, மாறாத 25 கறுப்பு. பச்சை நிறம் 3, 4 ஆகிய இரண்டு எண்களுக்கு மட்டும்.

காட்சி 1 (0:00–0:20)

திரை: a = 1. ஏணி மட்டும் தெரிகிறது. குரல் தொடங்கிய பிறகு ஸ்லைடர் மெதுவாக 3 வரை நகர்ந்து நிற்கிறது. வினாவின் முழு வாசகத்தையும் திரையில் ஒட்ட வேண்டாம், 5, 0.4, 3 ஆகியவற்றைப் படத்திலேயே குறித்தால் போதும்.

குரல்: "ஐந்து மீட்டர் ஏணி. அடி விநாடிக்கு 0.4 மீட்டர் வீதம் விலகிக்கொண்டே போகிறது. அது சுவரிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கும்போது உச்சி எவ்வளவு வேகமாக இறங்குகிறது?"

காட்சி 2 (0:20–0:55)

திரை: ஸ்லைடர் 1 → 2, பிறகு 3 → 4, பிறகு 4 → 5. ஒவ்வொரு முறையும் உச்சி இறங்கிய தூரம் சிவப்பில் பதிகிறது: 0.32, 1, 3.

குரல்: "அடி ஒரே வேகத்தில்தான் போகிறது. உச்சியும் அப்படித்தானா? ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகையில் உச்சி 0.32 மீட்டர் இறங்கியது. மூன்றிலிருந்து நான்குக்குப் போகையில் ஒரு மீட்டர். கடைசி ஒரு மீட்டரில், மூன்று மீட்டர். அப்படியானால் உச்சியின் வேகம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. நமக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட கணத்தின் வேகம்."

காட்சி 3 (0:55–1:15)

திரை: படத்தில் x, y குறிக்கப்படுகின்றன. வலப்புறம் `x² + y² = 25`.

குரல்: "தரையில் உள்ள தூரம் x, சுவரில் உள்ள உயரம் y. இரண்டும் மாறுகின்றன; ஏணியின் நீளம் மாறாது. எந்தக் கணத்திலும் பிதாகரஸ் தேற்றம் பொருந்தும்."

காட்சி 4 (1:15–2:10)

திரை: வலப் பலகையை இரண்டாகப் பிரித்து, இடது பாதியில் எழுதவும்:

```
3² + y² = 25
y = 4
dy/dt = 0
```

கடைசி வரி எழுதியதும் பேனா நிற்கட்டும். மூன்று விநாடி மௌனம். இந்த மௌனத்தை வெட்டிவிட வேண்டாம். விடையில் ஏதோ இடிக்கிறது என்பதைப் பார்ப்பவர் தாமே உணரும் இடம் இது.

குரல்: "x மூன்று என்று கேள்வியிலேயே இருக்கிறதே, உடனே பிரதியிடலாம் என்று தோன்றும். செய்து பார்ப்போம். y நான்கு. நான்கு ஒரு மாறிலி, வகையிட்டால் பூச்சியம். அதாவது உச்சி அசையவே இல்லை. (மௌனம்) ஆனால் அது இறங்குவதை இப்போதுதான் பார்த்தோம். x-க்கு மூன்று என்று எழுதிய அந்த நொடியில் ஏணியை ஆணியடித்து நிறுத்திவிட்டோம். நின்றுபோன ஏணிக்கு வேகம் ஏது?"

திரை: "நிறுத்திவிட்டோம்" என்னும்போது ஸ்லைடரைச் சுற்றி ஒரு கட்டம். பிறகு இடது பாதி மங்கலாகிறது, முழுவதும் அழிவதில்லை. சிவப்புப் பெருக்கல் குறி போட வேண்டாம்: y = 4 என்பது சரியான மதிப்புதான், பின்னால் தேவைப்படும்.

காட்சி 5 (2:10–2:50)

திரை: வலது பாதியில் மீண்டும் `x² + y² = 25`. அதன் கீழ், ஒவ்வொரு உறுப்புக்கும் நேர் கீழே, `2x(dx/dt) + 2y(dy/dt) = 0`. உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும்.

குரல்: "ஏணி ஓடிக்கொண்டிருக்கும்போதே t-ஐப் பொறுத்து வகையிடுவோம். x நேரத்தோடு மாறுவதால், சங்கிலி விதிப்படி 2x-உடன் dx/dt வருகிறது. y-க்கும் அதே கதை. 25 மாறாதது, அதன் வகைக்கெழு பூச்சியம்."

விதியின் நிரூபணம் இங்கே வேண்டாம். அது முந்தைய தாளின் வேலை.

காட்சி 6 (2:50–3:40)

திரை: பச்சையில் 3, 4 ஆகியவை மங்கிய பாதியிலிருந்து நகர்ந்து வந்து சமன்பாட்டில் அமர்கின்றன. `2(3)(0.4) + 2(4)(dy/dt) = 0`, பிறகு `dy/dt = -0.3`.

குரல்: "இப்போது மூன்று உள்ளே வரலாம். கூடவே நான்கும். விடை, கழித்தல் 0.3. உயரம் குறைகிறது என்பதைத்தான் கழித்தல் குறி சொல்கிறது. உச்சி விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது."

திரை: ஸ்லைடர் 3.00 → 3.04. B-யின் உயரம் 4 → 3.9697.

குரல்: "சரிபார்ப்போமா? பத்தில் ஒரு விநாடியில் அடி 0.04 மீட்டர் நகரும். உச்சி ஏறத்தாழ 0.0303 மீட்டர் இறங்கியிருக்கிறது. விநாடிக்குக் கணக்கிட்டால் 0.303. நம் விடைக்கு மிக அருகில்."

இந்தச் சரிபார்ப்பு தாளில் இல்லை, நான் சேர்த்தது. திரையில் செய்ய முடிகிற ஒன்றைத் தாளைப் போலவே விட்டுவிட மனம் வரவில்லை.

காட்சி 7 (3:40–4:00)

திரை: ஸ்லைடர் 4-இல். காட்சி 5-இன் சமன்பாடு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

குரல்: "அடி நான்கு மீட்டரில் இருக்கும்போது? சமன்பாடு தயாராக இருக்கிறது. எண்களை மட்டும் மாற்றுங்கள். விடை 0.3-ஐ விடப் பெரிதா, சிறிதா என்று முதலில் ஊகித்துவிட்டுக் கணக்கிடுங்கள்."

விடை (-0.533 மீ/வி) திரையில் வராது, பதிவின் கீழுள்ள விளக்கக் குறிப்பில் போடவும்.

விட்டுவிட்டவை: y பூச்சியத்தை நெருங்கும்போது சூத்திரம் எல்லையற்ற வேகத்தைத் தருகிறது. உண்மையில் அடி சீராக இழுக்கப்பட்டால், அதற்கு முன்பே உச்சி சுவரை விட்டுப் பிரிந்துவிடும். சுவையான விஷயம், ஆனால் நான்கு நிமிடத்தில் அடங்காது. காட்சி 2-இல் ஸ்லைடர் 5-ஐத் தொடும்போது யாராவது கேட்டால் தனிப் பதிவாகச் செய்யலாம்.

ஒவ்வொரு காட்சியையும் தனிக் கோப்பாகப் பதியவும். காட்சி 4-இல் குரல் பிசகினால் அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.