நாடக விமர்சனப் பயிற்சி: மதிப்பீட்டுக் குறிப்பு

பயிற்சி: அரங்கில் பார்த்த ஒரு நாடகத்துக்கு 700 சொற்களில் நாளிதழ் விமர்சனம். வாசகர் அந்த நாடகத்தை இன்னும் பார்க்காதவர்.

மதிப்பெண்: சான்று 40க்கு 27, தீர்ப்பு 35க்கு 20, நடை 25க்கு 19. மொத்தம் 66.

உங்கள் ஐந்தாவது பத்தியை அப்படியே அச்சுக்கு அனுப்பலாம். வீட்டைப் பங்கு பிரிக்கும் காட்சியைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "தம்பி பேசி முடிக்கும்வரை அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த கொத்தில் ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசிச் சாவிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது." நான் அந்த நாடகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கை எனக்குத் தெரிகிறது. பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமல் நல்ல நடிப்பு என்று நம்ப வைத்துவிட்டீர்கள். சான்றுக்குக் கிடைத்த 27இல் பாதிக்கு மேல் இந்த மூன்று வரிகளுக்குத்தான்.

ஆனால் அடுத்த வரியிலேயே "இது அவருடைய நடிப்பின் உச்சம்" என்று முடித்துவிட்டீர்கள். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண், பார்த்ததற்கு என்ன பொருள் என்று கேட்காமல் போய்விட்டது. அந்தக் கை ஏன் நின்றது? தம்பி சொன்னது உறைத்ததா, அல்லது அண்ணன் மனதில் போட்டுக்கொண்டிருந்த கணக்கு முடிந்துவிட்டதா? முதலாவது என்றால் அவர் மனம் இளகிய மனிதர். இரண்டாவது என்றால் கடைசிவரை தம்பியை ஏமாற்றியவர். நாடகம் முழுவதையும் எப்படி எடுத்துக்கொள்வது என்பதே இந்தப் பதிலில் தொங்குகிறது. இரண்டில் எது என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். நடிகர் வேண்டுமென்றே இரண்டுக்கும் இடம் கொடுத்தார் என்று பட்டால், அதையாவது சொல்லியிருக்கலாம். தீர்ப்பில் குறைந்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி இங்கேதான் போனது.

இப்போது முதல் மூன்று பத்திகள். "அபாரமான ஒளியமைப்பு", "மனதை உருக்கும் இசை", "நேர்த்தியான இயக்கம்". இவற்றை வெட்டி வேறு எந்த நாடகத்தின் விமர்சனத்தில் ஒட்டினாலும் பொருந்தும். ஒளியமைப்பில் எது அபாரம்? வகுப்பில் பேசும்போது நீங்களே சொன்னீர்கள்: அப்பாவின் அறைக்குள் யார் நுழைந்தாலும் மேலிருந்து வரும் வெளிச்சம் அணைந்து பக்கவாட்டு வெளிச்சம் மட்டும் நிற்கிறது, அதனால் பாதி முகம்தான் தெரிகிறது என்று. பேச்சில் வந்தது எழுத்தில் ஏன் வரவில்லை? அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு "அபாரமான" என்பதை அடித்துவிடுங்கள்.

"பார்வையாளர்கள் அனைவரும் கண்கலங்கினர்" என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். இருட்டில் எத்தனை பேர் கண்ணை உங்களால் பார்க்க முடிந்திருக்கும்? உங்கள் வரிசையில் இருவர் கண்ணைத் துடைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். விளக்கு எரிந்த பிறகும் சிறிது நேரம் யாரும் எழவில்லை என்றால் அது இன்னும் நல்ல சான்று. அப்புறம், "வசனம் பல இடங்களில் கேட்கவில்லை" என்ற குறை. நீங்கள் மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். குறை நடிகர் குரலிலா, அரங்கின் ஒலியிலா, உங்கள் இருக்கையிலா? எங்கிருந்து பார்த்தீர்கள் என்று அரை வரி போட்டால் குற்றச்சாட்டு நியாயமாகிவிடும். எந்த நாள் காட்சி என்பதும் இல்லை. திரைப்படத்துக்கு இது பெரிதில்லை. நாடகம் ஒவ்வொரு நாளும் மாறும். மறுநாள் போகிறவர் வேறொரு நாடகத்தைப் பார்க்கக்கூடும்.

ஒரு தகவல் பிழையும் உண்டு. நிகழ்ச்சித் தாளில் அரங்க அமைப்பு ஒருவர் பெயரிலும் ஒளியமைப்பு இன்னொருவர் பெயரிலும் இருக்கிறது. நீங்கள் இருவரையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பத்திரிகையில் வந்திருந்தால் மறுநாள் திருத்தம் போட்டிருக்க வேண்டும்.

தீர்ப்பு பற்றி. ஒரு படைப்பை எடைபோட மூன்று கேள்விகள் உண்டு. ஜெர்மன் கவிஞர் கதேயின் பெயரில் வழங்கி வருபவை. படைத்தவர் என்ன செய்ய முயன்றார், அதை எவ்வளவு நன்றாகச் செய்தார், அது செய்யத் தகுந்ததுதானா. இரண்டாவது கேள்விக்கு நிறையவே எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு "உறவுகளின் அருமையை உணர்த்துகிறது" என்று ஒரே வரி. எனக்கு அது ஒட்டவில்லை. நீங்கள் விவரிக்கும் காட்சிகளில் யாரும் எந்த அருமையையும் உணரவில்லையே! எல்லோரும் சுவரை அளந்துகொண்டிருக்கிறார்கள். மூன்றாவது கேள்வியைத் தொடவே இல்லை.

முரண்பாடு ஒன்று: இரண்டாம் பத்தியில் முதல் பாதி "தொய்வு", ஆறாம் பத்தியில் நாடகம் "தொடக்கம் முதலே விறுவிறுப்பு". எதை நம்புவது? கடைசியில் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றரை எங்கே போயிற்று என்று வாசகர் தேடுவார். எனக்கும் கிடைக்கவில்லை. திரைப்பட விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் விழுக்காட்டில்கூட இதே மாதிரிக் குழப்பம் உண்டு: அது எத்தனை விமர்சகர்களுக்குப் பிடித்தது என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு பிடித்தது என்று சொல்வதில்லை. எண் என்று போட்டால் அதற்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணே வேண்டாம்.

வீடு ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது என்ற கடைசித் திருப்பத்தை நான்காம் பத்தியில் போட்டு உடைத்துவிட்டீர்கள். முடிவு ஏமாற்றம் தந்தது என்று சொல்ல அது தேவைப்பட்டது என்று விளக்கினீர்கள். சரி, ஆனால் "கடைசிக் காட்சி, அதற்கு முன் நடந்த சண்டைகளையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது" என்றாலே உங்கள் கருத்து போய்ச் சேரும், ரகசியமும் காப்பாற்றப்படும்.

ஒளியமைப்புக் குழுவில் உங்கள் நண்பர் வேலை செய்தார் என்று என்னிடம் சொன்னீர்கள். வாசகரிடம் சொல்லவில்லை. இதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை, ஆனால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இதைக் கேட்பார். ஒளியைப் பாராட்டுவதாக இருந்தால் அந்த உறவை அதே பத்தியில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

நடையில் பெரிதாகக் குறை இல்லை. வாக்கியங்கள் சின்னதாக, தடையில்லாமல் போகின்றன. "என்றால் அது மிகையாகாது" மட்டும் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டையும் எடுத்துவிடலாம். தொடக்கத்தில் நாடகக் கலையின் தொன்மை பற்றி ஐந்து வரி இருக்கிறது. யாரும் அதற்காக விமர்சனம் படிப்பதில்லை. சாவிக்கொத்தை அங்கே கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

திருத்திய பிரதியை வரும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுங்கள். அளவு அதே 700. கதைச் சுருக்கம் இப்போது 260 சொற்கள் வரை போகிறது. அதை 120க்குள் அடக்கினால் அண்ணனின் கைக்கும் ஒளிக்கும் இடம் கிடைக்கும். நட்சத்திரம் வேண்டாம். பழைய பிரதியையும் கூடவே இணையுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் மறுமதிப்பீடு செய்வேன்.