மழை பார்த்த சுவர்

நூலகக் கட்டடத்தின் மேற்குச் சுவர் நான்கு வரிசை எழும்பியிருந்தபோதுதான் கயல்விழி அதைக் கவனித்தாள். பூச்சில்லாமல் செங்கல்லே வெளியே தெரியும்படி அவள் வடிவமைத்திருந்த ஒன்பது அங்குலச் சுவர் அது. கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் கலவையை 12 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிவிட வேண்டும் என்று வரைபடத்தில் குறித்திருந்தாள். மாணிக்கம் மேஸ்திரியோ கலவையைக் கல்லின் முகத்துக்குச் சமமாக வழித்துவிட்டிருந்தார்.

“வரைபடத்தைப் பார்க்கவில்லையா, மேஸ்திரி?”

“பார்த்துவிட்டுத்தான் அம்மா இப்படிக் கட்டினேன். மழைக்காற்று நேராக வந்து அடிக்கிற பக்கம் இது. நீங்கள் சொல்கிறபடி சுரண்டினால் ஒவ்வொரு கல்லின் மேல்விளிம்பும் ஒரு திண்ணையாகிவிடும். வழிந்து வருகிற தண்ணீர் அதில் தங்கி, கல்லுக்கும் கலவைக்கும் நடுவில் இறங்கும். இரண்டு மழைக்காலம் போனால் உள்பக்கம் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும்.”

கயல்விழிக்குச் சினம் வந்தது. ஆட்சேபம் இருந்தால் கட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்றாள்; அதில் நியாயமும் இருந்தது. அந்தச் சந்துகளை அவள் வெறும் அலங்காரத்துக்காக வரையவில்லை. உள்வாங்கிய சந்தில் விழும் நிழல்தான் ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும். நிழல் இல்லையென்றால், சன்னலே இல்லாத அந்த நீண்ட சுவர் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சிவப்புப் பூச்சு பூசிய பலகைபோல் தட்டையாகத் தெரியும் என்பதை அவள் மாதிரி செய்து பார்த்தே முடிவு செய்திருந்தாள்.

“நிழல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை” என்றார் மாணிக்கம். “சுரண்டித்தான் ஆக வேண்டுமென்றால், சந்தின் முகத்துக்கு மட்டும் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று 1:3 கலவை கொடுங்கள். இறுக்கமாக அழுத்தி விடுகிறேன், தண்ணீர் போகாது.”

“அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இந்தக் கல் மென்மையானது, அதனால்தான் 1:6 சொன்னேன். கல்லைவிடக் கலவை கடினமாக இருந்தால், அது காய்ந்து சுருங்கும்போது கல்லின் ஓரத்தைவிட்டு மயிரிழை அளவு விலகும். தண்ணீருக்கு அந்த வழி போதும். உள்ளே போன ஈரம் சந்து வழியாக வெளியேற முடியாமல் கல்லின் முகத்தை உரித்தெடுக்கும்.”

மாணிக்கம் சற்று நேரம் பேசவில்லை. சிமெண்டைக் கூட்டினால் சுவர் வலுக்கும் என்றே எல்லாத் தளங்களிலும் கேட்டுப் பழகியவர் அவர். ஆனால், கடினமான கலவை அப்படியே நிற்க, அதைச் சுற்றிக் கல் மட்டும் பொடிந்து குழிந்துபோன பழைய சுவர்களையும் அவர் கண்டிருந்தார். “அது உண்மைதான்” என்று ஒப்புக்கொண்டவர், தம் பேச்சை மட்டும் விடவில்லை. “அப்படியானால் நடுவழி ஒன்று இருக்கிறது. கட்டிக் காட்டட்டுமா?”

அரைக்கல் கனத்தில், மூன்றடி அகலத்துக்கு இரண்டு மாதிரிச் சுவர்களை அடுத்தடுத்து எழுப்பினார். இரண்டுக்கும் ஒரே கல், ஒரே 1:6 கலவை. முதலாவதில் வரைபடத்தின்படி சுரண்டினார். இரண்டாவதில் கரணையின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்து, சந்தின் மேல்பகுதியை மட்டும் உள்ளே அழுத்தி, அங்கிருந்து கீழ்க்கல்லின் விளிம்புவரை கலவையைச் சரிவாக இழுத்துவிட்டார். ஏழு நாள் நனைத்து, பின்னர் நன்றாகக் காயவிட்டபின், இரண்டின் மீதும் குழாய்நீரை ஒரே அளவில் பீய்ச்சினார்கள்.

சுரண்டிய சுவரின் பின்புறத்தில் சந்துகளை ஒட்டி ஈரக்கோடுகள் விரைவிலேயே தோன்றின. சரிவுச் சந்து வைத்த சுவரும் முற்றிலும் உலர்ந்து நிற்கவில்லை. ஆனால் அதில் ஈரம் வெகுநேரம் கழித்தே, அதுவும் சில இடங்களில் மட்டுமே தெரிந்தது. கயல்விழி நீர்க்கசிவைப் பார்த்து முடித்துவிட்டுத் தள்ளிப்போய் நின்று சுவரின் முகத்தைப் பார்த்தாள். மேல்கல்லின் அடியில் மெல்லிய நிழல் விழத்தான் செய்தது. அவள் எண்ணியிருந்த ஆழம் அதில் இல்லை என்றாலும் வரிசைகள் பிரிந்தே தெரிந்தன.

அன்றே வரைபடத்தைத் திருத்தினாள்: மேல்விளிம்பில் 4 மில்லிமீட்டர் உள்ளே, கீழ்விளிம்பில் கல்லுக்குச் சமம்.

“மற்ற மூன்று பக்கமும் பழையபடி சுரண்டிவிடலாம் அம்மா, அங்கே அவ்வளவு மழை அடிக்காது.”

“வேண்டாம் மேஸ்திரி. மூலையில் இரண்டு விதச் சந்து வந்து முட்டினால் பார்க்கவே கண்ணை உறுத்தும். நான்கு பக்கமும் சரிவுதான்.”

“வேலை இழுக்குமே.”

“இழுக்கட்டும். இன்னொன்று, ஏற்கெனவே கட்டிய நான்கு வரிசையையும் பிரிக்க வேண்டும். வரிசைகளுக்கு இடையிலுள்ள படுக்கைச் சந்து 10 மில்லிமீட்டர் கேட்டிருந்தேன். அளந்து பார்த்தேன், சில இடங்களில் 16 இருக்கிறது.”

மாணிக்கம் குனிந்து தாமே அளந்து பார்த்தார். பிறகு சித்தாளைக் கூப்பிட்டு, கற்களை உடையாமல் எடுத்து அடுக்கச் சொல்லிவிட்டு, மூலையில் புதிதாக நூல் பிடிக்கத் தொடங்கினார்.