0412-ஐ நீருக்குள் இறக்குவதற்கான குறிப்பு

தம்பி, மூன்று கோப்புகள் அனுப்பியிருக்கிறேன். 0412தான் மூலப்படம்: டீச்சர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து மேலே பார்க்கிறார். 0430-இல் கறுப்புத் துணி விரித்த தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார், முடி மட்டும் சுற்றிலும் விரிந்திருக்கிறது. 0447-இல் ஆளே கிடையாது. அந்த மஞ்சள் சால்வையைத் தூக்கிப் போட்டுத் தொடர்ச்சியாக எடுத்த பதினோரு துணிப் படங்கள். இவற்றை வைத்து, அவர் தண்ணீருக்குள் மிதப்பது போல ஒரே ஒரு செங்குத்துப் படம் வேண்டும்.

முப்பது வருடம் நீச்சல் சொல்லிக் கொடுத்தவர். காதில் அறுவை சிகிச்சை ஆனபின் தலையைத் தண்ணீரில் முக்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால்தான் தரையில் எடுத்த படம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாம் செய்வதைப் பார்க்கப் போகிறவர் தண்ணீருக்கடியில் எது எப்படி இருக்கும் என்று நம் இருவரையும்விட நன்றாகத் தெரிந்தவர். ஒரு குமிழி தப்பான பக்கம் போனாலும் கண்டுபிடித்துவிடுவார்.

படம் எடுக்கும்போது, "மூச்சை விட்டால்தான் உடம்பு இறங்கும்" என்றார். நம் படத்தின் கதையே அதுதான். மேலே மூச்சு வாங்கினார், உள்ளே வந்தார், இரண்டு விநாடிக்கு முன் மூக்கு வழியாகக் காற்றை விட ஆரம்பித்தார், இப்போது மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார். நீந்தவில்லை, மூழ்கிச் சாகவும் இல்லை. முடி, துணி, குமிழி எல்லாம் இந்த ஒரு அசைவுக்குக் கட்டுப்பட வேண்டும். முடி இடப்பக்கமும் சால்வை வலப்பக்கமும் பறந்தால் அது தண்ணீர் இல்லை, மின்விசிறி.

முதலில் உடம்பு. ஸ்டூலை எடுத்துவிட்டு, மொத்த உருவத்தையும் பத்துப் பன்னிரண்டு டிகிரி பின்னால் சாய். தொடை ஸ்டூலில் அழுந்தித் தட்டையாகியிருக்கும் இடத்தை உருட்டிக் கொடு. வலது பாதம் தரையை ஊன்றியிருக்கிறது, விரல்கள் அழுந்திப் பரந்திருக்கின்றன. அதை அப்படியே விட்டால் என்ன செய்தாலும் ஆள் நிற்பது போலத்தான் தெரியும். இடது பாதம் தொங்கியபடி இருந்தது, அதைப் புரட்டி வலதுக்கும் பயன்படுத்து. கைகள் நன்றாக இருக்கின்றன, தொடாதே. கழுத்துச் சங்கிலியை மிதக்க விடாதே. உலோகம், கழுத்தெலும்பின் மேல் கிடக்கட்டும்.

முடிதான் பெரிய வேலை. 0412-இல் தோள்வரை தொங்குகிறது, அது முழுக்கப் போக வேண்டும். 0430-இலிருந்து எடு. ஆனால் முடியை மட்டும். படுத்திருப்பதால் அந்தப் படத்தில் கன்னம் காதுப்பக்கம் இழுபட்டிருக்கிறது, முகத்தின் ஒரு துளிகூட அங்கிருந்து வர வேண்டாம். ஆள் இறங்கும்போது முடி பின்தங்கும், அதாவது மேலே எழும்பும். வேர்ப்பக்கம் இரண்டு விரல் அளவுக்குத் தலையோடு ஒட்டிப் போய், அப்புறம் பிரிந்து, நுனியில் லேசாக உள்ளே சுருள வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்திருப்பதால் நெற்றிப்பக்க முடி மேலே நேராகவும், பிடரிமுடி முகத்துக்குப் பின்னால் விசிறி போலவும் வரும். எல்லா இழையும் ஒரே நீளத்தில் சீப்பு வாரிய மாதிரி நின்றால் பயந்தவர் தலை போலாகிவிடும். ஆறேழு கற்றைகளாகப் பிரி, கற்றைகளுக்கு நடுவே பின்னணி தெரியட்டும், ஓரிரண்டு இழைகள் நெற்றியைக் கடந்து முன்னால் வரட்டும்.

ஈரமுடி என்று நினைத்து ஒட்டவைத்துவிடாதே. குளித்துவிட்டு வெளியே வரும்போதுதான் முடி கற்றை கற்றையாக ஒட்டும், அது தண்ணீரின் பரப்பு இழுவிசை செய்கிற வேலை. உள்ளே அந்த இழுவிசைக்கு இடமில்லை, ஒவ்வொரு இழையும் தனித்தனியாக அலையும். நரைமுடிக்கு இது இன்னும் அழகு. நரையைக் கறுப்பாக்காதே, அவரே கேட்டாலும்கூட.

இதே காரணத்தால் தோலில் பளபளப்பும் வேண்டாம். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் சாஃப்ட்பாக்ஸ் அடித்த வெள்ளைப் பளபளப்பு இருக்கிறது, அதை முழுக்கத் தணித்துவிடு. காற்றுக்கும் தோலுக்கும் ஒளிவிலகலில் பெரிய வித்தியாசம் இருப்பதால்தான் தரையில் தோல் மினுங்குகிறது. தண்ணீருக்கு விலகல் எண் 1.33, தோல் அதற்குக் கொஞ்சம்தான் மேலே. அதனால் உள்ளே தோல் மினுக்கமில்லாமல் தெரியும். கண்மணியிலும் இதே கதை. அந்தச் சதுர ஒளிப்புள்ளியை எடுத்துவிடு. எடுத்ததும் கண்ணில் உயிர் போன மாதிரி இருக்கும், பதறி வேறொரு புள்ளி வைத்துவிடாதே. இமைகளின் நிழலும் கண்வெள்ளையும் அந்த வேலையைச் செய்யும்.

துணி. கவுனும் சால்வையும் ஒரே கடுகு மஞ்சள் ஷிஃபான். முதலில் சிவப்புதான் கேட்டார், நான்தான் மாற்றினேன். தண்ணீர் முதலில் விழுங்குகிற நிறம் சிவப்பு. கவுனின் பாவாடைப் பகுதிக்குள் தண்ணீர் அடைபட்டு, கீழ்ப்பக்கம் காளான் குடை போல உப்ப வேண்டும். விளிம்பு மேலே ஏறப் பார்க்கும், ஆனால் முழங்காலைத் தாண்டக் கூடாது, அது அவர் போட்ட நிபந்தனை. தரையில் துணி மடிப்புகள் கூர்மையாக, கீழ்நோக்கி விழுகின்றன. தண்ணீரில் மடிப்பு அகலமாக, உருண்டையாக, சோம்பலாக இருக்கும். ஆகவே இடுப்புக்குக் கீழே பழைய மடிப்பு ஒன்றுகூட மிஞ்ச வேண்டாம்.

சால்வை மூன்று மீட்டர். வலது தோளில் தொடங்கி, முதுகுக்குப் பின்னால் போய், மேலே வலதுபக்கமாக ஒரு பெரிய வளைவு, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு சிறிய வளைவு. 0447-இல் நான்காவதும் ஒன்பதாவதும் இதற்குப் பொருந்தும். மற்றவற்றில் துணி காற்றில் படபடத்து நுனி உடைகிறது, பயன்படாது. ஒற்றை அடுக்கில் பின்னால் இருக்கும் நீலம் தெரிய வேண்டும், இரண்டாக மடிந்த இடத்தில் மஞ்சள் கெட்டிப்பட வேண்டும். நனைந்த மெல்லிய துணி உலர்ந்ததைவிட ஊடுருவித் தெரியும், தயங்காமல் மெலிதாக்கு. தூரத்து நுனிக்கு மாறுபாட்டைக் குறைத்து, பின்னணி நிறத்தைக் கொஞ்சம் ஏற்று. ஒரு மீட்டர் பின்னால் போனாலே தண்ணீர் நடுவே வந்து நிற்கும்.

வெளிச்சம். சாஃப்ட்பாக்ஸ் மேல் இடதில் இருந்தது, ஆகவே சூரியனும் அங்கேதான், சட்டகத்துக்கு வெளியே. கதிர்கள் அந்த ஒரே புள்ளியிலிருந்து விரிய வேண்டும். நிறையப் பேர் கதிரை ஏறக்குறையப் படுக்கவைத்துவிடுகிறார்கள். சாயங்காலச் சூரியனாகவே இருந்தாலும், நீர்ப்பரப்பைத் தாண்டி உள்ளே வரும் ஒளி செங்குத்திலிருந்து 49 டிகிரிக்குமேல் சாயாது. நமக்கு 20, 25 போதும். ஐந்து முதல் ஏழு கதிர், ஒன்று அகலம், ஒன்று கீற்று, இரண்டு ஒன்றோடொன்று கலந்தபடி. இடுப்புக்கு வரும்போது பாதி வலுவை இழந்து, கால்களுக்குக் கீழே காணாமல் போகட்டும். பெரும்பாலானவை அவருக்குப் பின்னால். ஒன்றே ஒன்று, மிக மெலிதாக, தோளுக்கு முன்னால். அது இல்லாவிட்டால் வெட்டி ஒட்டினது தெரிந்துவிடும். அவர் உடம்பு மறைக்கிற ஒளியின் நிழல்பட்டை வலது கீழ்ப்பக்கம் மங்கலாக இறங்க வேண்டும், இதை மறந்துவிடாதே.

அலைகள் ஒளியைக் குவித்து வரையும் அந்த வலைக்கோலம் நெற்றி, இடது கன்னம், தோள், முன்கையின் மேற்பக்கம், சால்வையின் வளைவு ஆகியவற்றில் மட்டும். தாடைக்கு அடியில், அக்குளில், வலது விலாவில் வரவே கூடாது. கோடு உடம்பின் வளைவோடு வளைய வேண்டும். மேலே ஒரு வலைப்படத்தைத் தட்டையாகப் பரப்பிவிட்டால் மீன்வலை போட்ட மாதிரி ஆகிவிடும். முகத்தில் மென்மையாக, கண்ணுக்கு மேல் கோடு விழாமல்.

ஆழம் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள். அந்த ஆழத்தில் ஆள் நீலமாகிவிட மாட்டார். இடது கன்னத்தின் வெதுவெதுப்பான நிறம் இருக்கட்டும், நிழல்பக்கத்தில் மட்டும் நீலப்பச்சை ஏறட்டும். பின்னணி மேலே வெளிர் நீலப்பச்சை, கீழே அடர்நீலம், நடுவில் எதுவும் வேண்டாம். மீன், பவளம், கடற்பாசி கிடையாது. சட்டகத்தின் மேல் பத்தில் ஒரு பங்கில் நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் தெரியட்டும். அங்கே வானத்தைப் போடாதே. கேமரா நேராகப் பார்க்கும்போது அந்தக் கோணத்தில் நீர்ப்பரப்பு கண்ணாடிதான், கீழே இருக்கும் நீலத்தையே நெளிந்து நெளிந்து காட்டும்.

கடைசியாகக் குமிழி. மொத்தம் இருபதுக்குள். மூச்சு வெளியேறி இரண்டு விநாடி ஆகிறது, குமிழி விநாடிக்குக் கால் மீட்டர் அளவில் ஏறும். ஆகவே மூக்கிலிருந்து அரை மீட்டர் மேலே வரைதான் கோர்வை இருக்க வேண்டும், தலையைப் போல இரண்டு மடங்கு உயரம். நீர்ப்பரப்பை முட்டக் கூடாது. மூக்கருகே இரண்டு மூன்று சிறியவை, இப்போதுதான் பிரிந்தவை. மேலே போகப் போகக் கோர்வை சிதறி அகலமாகும். சிறியவை உருண்டை. பெரியவை உருண்டையாக இருக்காது, மேலே கவிழ்த்த கிண்ணம் போல வளைந்து, அடியில் தட்டையாக, ஓரம் ஆடியபடி இருக்கும். விளிம்பு வெள்ளியாக மின்னும், நடுவழியே பின்னணி தெரியும். ஒரே குமிழியை நகலெடுத்துப் பெரிதும் சிறிதுமாக ஒட்டாதே. வாயிலிருந்து ஒன்றுகூட வேண்டாம், உதடு மூடியிருக்கிறது. இவை போக, கடுகளவு குமிழிகள் ஏழெட்டு புருவத்திலும் முடியடியிலும் சால்வை மடிப்பிலும் சிக்கி நிற்கட்டும். பார்ப்பவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். டீச்சர் கவனிப்பார்.

அச்சு அளவு 16க்கு 24 அங்குலம், 300 டிபிஐ, அதாவது 4800க்கு 7200 பிக்சல். முடி, துணி, கதிர், வலைக்கோலம், குமிழி ஐந்தும் தனித்தனி லேயரில், மாஸ்க்கோடு அனுப்பு. முடி முடிந்ததும் மற்றதைத் தொடுவதற்கு முன் எனக்கு ஒரு சின்னப் பிரதி காட்டு. முகச்சுருக்கம் எதையும் அழிக்காதே, அதை நான் அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.