போயிட்டு வாங்க அண்ணாச்சி

போயிட்டு வாங்க அண்ணாச்சி – உங்க
பொட்டி படுக்கை கட்டியாச்சு!
சாரல் அடிக்கும் செங்கோட்டை விட்டு
நாகப்பட்டினம் ஆர்டர் ஆச்சு!

வீடு இருப்பது அடுத்த தெரு,
வந்து சேர்வது பத்தே கால்;
கேட்டா, "ஆரியங்காவில் மழை!" – அந்த
மழைக்கும் உங்களுக்கும் என்ன சார்?

ஸ்டாம்பு பேடு காஞ்சிருக்கும்,
ஸ்டேப்ளர் பின்னு தீர்ந்திருக்கும்,
டிராயர் மட்டும் திறந்து பார்த்தா
நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கும்!

(மேசையைத் தட்டி, எல்லோரும்: போயிட்டு வாங்க அண்ணாச்சி!)

மலையாளத்தில் மனு வந்தா
உங்க மேசைக்கே ஓடி வந்தோம்;
இனிமே வந்தா என்ன செய்ய?
எழுத்துக் கூட்டி முழிச்சு நிப்போம்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தப்போ
மூணு ராத்திரி கூட இருந்து
பிளாஸ்க்கில் காப்பி ஊத்தித் தந்தீங்க;
பேச்சு வரலை, அதை நினைச்சு.

1956-இல் திருவிதாங்கூர் விட்டு
ஊரே டிரான்ஸ்பர் ஆன ஊரு!
கடல் காத்து ஒத்துக்கலைன்னா
காயிதம் ஒண்ணு போட்டுப் பாரு –

பிரானூர் பரோட்டா பார்சலோட
பஸ்ஸைப் பிடிச்சு வந்திடுவோம்;
அப்புறம் அந்த ஆபீஸ் குடை...
அதை மட்டும் வச்சிட்டுப் போங்க!